படத்தைப் பார்க்கும் ஏஐ, எழுத்தை மட்டும் படிக்கும் ஏஐ: உள்ளே நடப்பது என்ன?

ஒரு ஏஐ செயலியில் படம் ஒன்றை ஏற்றுகிறோம், அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறோம், பதில் வருகிறது. உடனே ‘இது படத்தைப் பார்க்கிறது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். இன்னொரு செயலி சொதப்பினால், ‘ஏஐக்குப் படமெல்லாம் புரியாது’ என்கிறோம். இரண்டு முடிவுகளுமே அவசர முடிவுகள். படத்தை ஏற்றும் பொத்தான் இருப்பதை வைத்து மட்டும் உள்ளே இருக்கும் அமைப்பு படத்தைப் பார்க்கிறதா என்று சொல்ல முடியாது. சில செயலிகளில் படம் உண்மையிலேயே உள்ளே போகிறது. வேறு சிலவற்றில் படம் வாசலிலேயே நின்றுவிடுகிறது, அதைப் பற்றிய எழுத்து மட்டும்தான் உள்ளே போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் வரைபடத்தையும் ஸ்கேன் செய்த ஆவணத்தையும் தவறான அமைப்பிடம் கொடுத்து, அது சொன்ன பதிலை நம்பிவிடுகிறார்கள். அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## தொலைபேசியில் ஒரு படத்தைச் சொல்வது

உங்களிடம் ஒரு புகைப்படம் இருக்கிறது. தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் நண்பருக்கு அதை விவரிக்கிறீர்கள்: “ஒரு மேஜை, மேலே நாலு புத்தகம், பக்கத்தில் ஒரு கண்ணாடி.” நண்பர் புத்திசாலி. மேஜை, புத்தகம், கண்ணாடி என்றவுடன் யாரோ படித்துக்கொண்டிருந்த இடம் என்று ஊகித்துவிடுவார். ஆனால் “இடமிருந்து மூன்றாவது புத்தகம் என்ன நிறம்?” என்று அவரிடம் கேட்டால் பதில் இருக்காது. நீங்கள் அதைச் சொல்லவில்லையே. அவரிடம் இருப்பது உங்கள் வார்த்தைகள் மட்டும்தான்.

அதே நண்பர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் நிலைமை வேறு. நீங்கள் சொல்லாததையும் அவரே தேடிப் பார்த்துக்கொள்வார். அறிவில் இருவரும் ஒருவரேதான், அவருக்கு என்ன வந்து சேர்ந்தது என்பதில்தான் மாற்றம்.

எழுத்தை மட்டும் படிக்கும் அமைப்பு தொலைபேசியில் இருக்கும் நண்பரைப் போன்றது. படம் பார்க்கும் அமைப்பு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் போன்றது. இந்த ஒப்பீடு இதுவரைதான் உதவும். கணினிக்குக் கண் கிடையாது, அதற்கு எல்லாமே எண்கள். எந்த எண்கள், எந்த வடிவத்தில் போகின்றன என்பதுதான் விஷயத்தின் உயிர்நாடி.

## எழுத்து எப்படி உள்ளே போகிறது

நீங்கள் ‘மரம்’ என்று தட்டச்சு செய்தால் கணினி அதை நான்கு எண்களாக வைத்துக்கொள்கிறது: 2990, 2992, 2990, 3021. முதல் மூன்றும் ம, ர, ம என்ற எழுத்துகளின் எண்கள், கடைசி எண் மேலே வைக்கும் புள்ளிக்கு உரியது. உலகின் எழுத்துகளுக்கெல்லாம் இப்படித் தனித்தனி எண் தரும் பொது ஏற்பாட்டுக்கு யூனிகோட் என்று பெயர். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மரத்தின் உருவமோ, ‘ம’ என்ற எழுத்தின் வளைவோ இந்த எண்களில் எங்கும் இல்லை. எந்த எழுத்து என்ற அடையாளம் மட்டுமே இருக்கிறது.

ஏஐயில் பேசப்படும் மொழி மாடல், அதாவது ஏராளமான எழுத்தைப் படித்து அடுத்து என்ன வரும் என்று கணிக்கப் பழகிய நிரல், இந்த எழுத்துகளைச் சிறு துண்டுகளாகச் சேர்த்தோ வெட்டியோ எடுத்துக்கொள்கிறது. அந்தத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். ஒரு டோக்கன் முழுச் சொல்லாகவும் இருக்கலாம், சொல்லின் ஒரு பகுதியாகவும் இருக்கலாம். ஒவ்வொரு டோக்கனுக்கும் மாடலுக்குள் ஒரு நீண்ட எண் பட்டியல் உண்டு. பயிற்சியின்போது அந்தப் பட்டியல் மெல்ல மெல்லச் செதுக்கப்படுகிறது. முடிவில், மரம், செடி போன்று ஒரே மாதிரியான வாக்கியங்களில் வரும் சொற்களின் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக வந்துவிடும்.

இலை என்ன நிறம் என்று எழுத்தை மட்டும் படித்த மாடலைக் கேட்டால் பச்சை என்று சரியாகச் சொல்லும். பார்த்ததால் வந்த பதில் இல்லை அது. இலை பச்சை என்று எண்ணற்ற இடங்களில் எழுதப்பட்டிருப்பதால் வந்த பதில். பொதுவான விஷயத்தைக் கேட்கும்வரை இந்த இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ‘இந்தப் படத்தில் உள்ள இந்த இலை’ என்று குறிப்பாகக் கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

## படம் என்பது எவ்வளவு எண்கள்

டிஜிட்டல் படம் என்பது மிகச் சிறிய சதுரப் புள்ளிகளின் கட்டம். ஒரு புள்ளிக்கு பிக்சல் என்று பெயர். சாதாரண வண்ணப் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று எண்கள் இருக்கும். சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று 0 முதல் 255 வரை அவை சொல்லும்.

224 பிக்சல் அகலமும் 224 பிக்சல் உயரமும் உள்ள ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். கைபேசித் திரையில் விரல்நுனி அளவுதான் தெரியும், அவ்வளவு சிறிய படம். அதிலேயே 224 × 224 × 3, அதாவது 1,50,528 எண்கள் இருக்கின்றன. ‘மரம்’ என்ற சொல்லுக்கு நான்கே எண்கள் போதுமாக இருந்தது.

சரி, இந்த எண்களை அப்படியே வரிசையாகத் தட்டச்சு செய்து, எழுத்தைப் படிக்கும் மாடலிடம் கொடுத்துவிட்டால் அது படத்தைப் பார்த்துவிடாதா? நல்ல கேள்விதான். பத்துக்குப் பத்து கட்டத்தில் கறுப்பு வெள்ளையாக வரைந்த ஒரு எளிய உருவத்தை எண்களாகக் கொடுத்தால் சில மொழி மாடல்கள் ஓரளவு கண்டுபிடித்துவிடவும் கூடும். உண்மையான படம் என்று வந்தால் இந்த வழி உடைந்துவிடுகிறது. முதல் காரணம் அளவு. லட்சக்கணக்கான எண்களைப் படித்த பிறகுதான் உங்கள் கேள்விக்கே அது வர வேண்டும்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. படத்தில் ஒரு பிக்சலுக்கு நேர் கீழே இருப்பது அதன் அண்டைப் பிக்சல். வரிசையாக எழுதும்போதோ அது 224 பிக்சல்கள் தள்ளிப் போய்விடுகிறது. மேல்கீழ் உறவு சிதைந்துவிடும். மரத்தின் தண்டு என்பதே மேலிருந்து கீழாகத் தொடரும் பழுப்பு நிறம்தானே, அந்தத் தொடர்ச்சி எண்களின் வரிசையில் கண்ணுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, அதே மரம் நான்கு பிக்சல் வலப்பக்கம் நகர்ந்தாலே பெரும்பாலான எண்கள் மாறிவிடும். சொல்லுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ‘மரம்’ என்ற சொல் வாக்கியத்தில் எங்கே வந்தாலும் அதே நான்கு எண்கள்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: எழுத்து உள்ளே போகும்போதே பொருள் தரும் துண்டுகளாகத்தான் போகிறது. படமோ எந்தப் பொருளும் ஒட்டாத, வெறும் நிற அளவுகளின் பெரிய கட்டமாகத்தான் தொடங்குகிறது. அந்தக் கட்டத்திலிருந்து ‘மரம்’ என்பதைப் பிரித்தெடுக்க ஒரு தனி உறுப்பு வேண்டும்.

## அந்த உறுப்பு எப்படி வேலை செய்கிறது

அந்த உறுப்பைப் படக் குறியாக்கி என்று சொல்லலாம். பிக்சல் கட்டத்தை வாங்கிக்கொண்டு, மொழி மாடல் புரிந்துகொள்ளக்கூடிய எண் பட்டியல்களாக மாற்றித் தரும் நிரல் அது. பல வகைகள் உண்டு. 2020இல் கூகுள் ஆய்வாளர்கள் முன்வைத்த ஒரு முறை பரவலாகப் பயன்படுகிறது. விளக்கவும் எளிது என்பதால் அதையே பார்ப்போம்.

முதலில் படத்தைச் சிறு சதுரங்களாக வெட்டுகிறார்கள். நம் 224 பிக்சல் படத்தை 16க்கு 16 பிக்சல் சதுரங்களாக வெட்டினால், குறுக்கே 14, நெடுக்கே 14, மொத்தம் 196 சதுரங்கள் கிடைக்கும். ஒவ்வொரு சதுரத்தில் உள்ள 768 எண்களும் ஒரே எண் பட்டியலாக மாற்றப்படுகின்றன. கூடவே, ‘இது மூன்றாவது வரிசை, ஐந்தாவது சதுரம்’ என்பது போன்ற இட அடையாளமும் சேர்க்கப்படுகிறது. முன்பு நாம் தொலைத்த மேல்கீழ் உறவு இப்படித்தான் திரும்பக் கிடைக்கிறது.

அடுத்த கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு சதுரத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் அது என்னவென்று யாராலும் சொல்ல முடியாது. பழுப்பு நிறத்தில் நெட்டுக்குத்தாக ஏதோ இருக்கிறது. மரத்தண்டாக இருக்கலாம், கதவாக இருக்கலாம், பென்சிலாகவும் இருக்கலாம். அதனால் குறியாக்கிக்குள் ஒவ்வொரு சதுரமும் மற்ற எல்லாச் சதுரங்களையும் ஒப்பிட்டுத் தன் எண் பட்டியலைத் திருத்திக்கொள்கிறது. மேலே பச்சைச் சதுரங்கள், கீழே மண் நிறம் என்று தெரிந்தவுடன், பழுப்புச் சதுரத்தின் பட்டியல் ‘தண்டு’ என்ற பக்கம் சாய்கிறது. இது ஒருமுறை நடந்து முடிவதில்லை, அடுக்கடுக்காகப் பல முறை நடக்கிறது. கடைசி அடுக்கில் வெளியே வரும் 196 பட்டியல்களில் வெறும் நிறத்தைவிடப் பொருளே மிகுதியாக இருக்கும்.

ஆனால் ‘தண்டு’ என்ற பக்கம் எது என்று குறியாக்கிக்கு எப்படித் தெரியும்? பயிற்சியால்தான். 2021இல் ஓபன்ஏஐ வெளியிட்ட கிளிப் என்ற மாடலை இணையத்திலிருந்து திரட்டிய 40 கோடி படங்களையும், அவற்றோடு இருந்த எழுத்துகளையும் ஜோடி ஜோடியாகக் கொடுத்துப் பழக்கினார்கள். அதற்குள் படத்துக்கு ஒரு குறியாக்கி, எழுத்துக்கு ஒரு குறியாக்கி. உண்மையான ஜோடி என்றால் இரண்டின் எண் பட்டியல்களும் நெருங்கி வர வேண்டும், பொருந்தாத ஜோடி என்றால் விலகிப் போக வேண்டும். இந்த ஒரே விதியைத் திரும்பத் திரும்ப அமல்படுத்தியதில், மரத்தின் படமும் ‘மரம்’ என்ற சொல்லும் எண் உலகில் அக்கம்பக்கத்தில் குடியேறிவிட்டன.

மிச்சம் இருப்பது இணைப்பு வேலை. குறியாக்கி தந்த பட்டியல்களை, மொழி மாடல் டோக்கன்களுக்குப் பயன்படுத்தும் அதே நீளத்துக்கும் வடிவத்துக்கும் மாற்ற ஒரு சிறிய இணைப்பு அடுக்கை நடுவில் வைக்கிறார்கள். இப்போது மொழி மாடலுக்கு முன்னால் ஒரே வரிசைதான் இருக்கிறது: படத்திலிருந்து வந்த 196 துண்டுகள், அவற்றுக்குப் பின்னால் உங்கள் கேள்வியின் டோக்கன்கள். ‘தண்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?’ என்று நீங்கள் கேட்டால், பதில் சொல்லும் அதே நேரத்தில் மாடலால் அந்த 196 துண்டுகளில் தேவையானதைப் போய்ப் பார்க்க முடியும். படமும் எழுத்தும் கலந்தே ஆரம்பம் முதல் பயிற்சி பெற்ற மாடல்களும் உண்டு, அவற்றிலும் படத் துண்டுகள் நேராக மாடலுக்குள் போகின்றன.

படம் பார்ப்பது என்று நாம் சொல்வது இதைத்தான். பதில் உருவாகும் இடத்துக்கே படத்தின் துண்டுகள் வந்து சேர்கின்றன. வார்த்தைகள் நடுவில் நின்று எதையும் வடிகட்டுவதில்லை.

## வாசலில் நிற்கும் படம்

குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்கிறது. எழுத்தை மட்டும் படிக்கும் மாடலை வைத்துக்கொண்டும் படம் ஏற்றும் வசதியைத் தர முடியும். அதற்கு இரண்டு வழிகள் பொதுவாகப் பயன்படுகின்றன.

ஒன்று ஓசிஆர். படத்தில் உள்ள எழுத்துகளை அடையாளம் கண்டு, தட்டச்சு செய்த எழுத்தாக மாற்றித் தரும் நிரல் அது. மொழி மாடல்கள் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே புழக்கத்தில் உள்ளது. இன்னொன்று, படத்தைப் பார்த்து ஓரிரு வாக்கிய விவரணை எழுதித் தரும் தனி நிரல். இரண்டில் எது பயன்பட்டாலும் மொழி மாடலுக்குப் போவது எழுத்து மட்டும்தான். அதாவது, தொலைபேசியில் நண்பருக்குச் சொல்லும் வேலையை இப்போது ஒரு நிரல் செய்கிறது. அவர் இன்னமும் மறுமுனையில்தான் இருக்கிறார்.

ஓசிஆரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அச்சடித்த பக்கத்தை எழுத்தாக மாற்ற அது மிகப் பொருத்தமான கருவி, சில நேரம் படம் பார்க்கும் மாடலைவிட நம்பகமானதும்கூட. படத்தின் செய்தி எழுத்தில் மட்டும் இல்லாமல் கோட்டிலும் நிறத்திலும் இடத்திலும் இருக்கும்போதுதான் சிக்கல்.

## ஒரு கோட்டு வரைபடத்தை வைத்துப் பார்ப்போம்

ஒரு கட்டடத்தின் மின் பயன்பாட்டைக் காட்டும் கோட்டு வரைபடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் ஜூன் வரை ஆறு மாதங்கள். சிவப்புக் கோடு முதல் மாடி: 350 யூனிட்டில் தொடங்கி மாதம் 50 யூனிட் குறைந்து, ஜூனில் 100க்கு வருகிறது. நீலக் கோடு இரண்டாம் மாடி: 150இல் தொடங்கி மாதம் 30 யூனிட் கூடி, ஜூனில் 300க்குப் போகிறது. கோடுகளின் மேல் எண்கள் எதுவும் எழுதப்படவில்லை. அச்சில் மட்டும்தான் எண்கள் இருக்கின்றன. கேள்வி இதுதான்: எந்த இரண்டு மாதங்களுக்கு நடுவில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன?

படத்தைப் பார்ப்பவருக்கு இது எளிது. மார்ச்சில் சிவப்பு 250, நீலம் 210. ஏப்ரலில் சிவப்பு 200, நீலம் 240. அப்படியென்றால் மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் நடுவில்தான் வெட்டிக்கொள்கின்றன.

அதே படத்தை ஓசிஆர் வழியாக அனுப்பினால் மொழி மாடலுக்குக் கிடைப்பது ஏறக்குறைய இதுதான்:

```
மாதவாரி மின் பயன்பாடு (யூனிட்)
400 300 200 100 0
ஜன பிப் மார் ஏப் மே ஜூன்
முதல் மாடி  இரண்டாம் மாடி
```

கோடுகள் எங்கே போயின? அவை எழுத்து இல்லையே, அதனால் ஓசிஆர் அவற்றைத் தொடவே இல்லை. எது சிவப்பு, எது நீலம் என்பதும் போய்விட்டது. இந்த நான்கு வரிகளிலிருந்து சரியான பதிலைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது, எவ்வளவு பெரிய மாடலாக இருந்தாலும் சரி.

ஒழுங்காகப் பழக்கிய மாடல் என்றால் ‘கோடுகளின் மதிப்புகள் எனக்குக் கிடைக்கவில்லை’ என்று சொல்ல வேண்டும். நடைமுறையில் அப்படிச் சொல்லாமல் போவதும் உண்டு. தலைப்பில் மின் பயன்பாடு இருக்கிறது, கீழே மாதங்கள் இருக்கின்றன. வெயில் காலத்தில் மின் பயன்பாடு கூடும் என்று மாடல் நிறையப் படித்திருக்கிறது. அதனால் ‘இரண்டு மாடிகளிலும் பயன்பாடு மே மாதத்தை நோக்கிச் சீராக உயர்கிறது’ என்று ஒரு பதில் வரலாம். கேட்க நியாயமாக இருக்கிறது, படத்தில் இருப்பதற்கோ நேர் எதிர். முதல் மாடிக் கோடு இறங்கிக்கொண்டிருக்கிறது.

இந்தத் தவறை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. பதிலில் வரும் தகவல்களை இரண்டாகப் பிரியுங்கள். தலைப்பு, அச்சின் எண்கள், மாதப் பெயர்கள் போன்று படத்தில் எழுதியிருப்பவை எல்லாம் சரியாக இருந்து, எழுதாமல் வரைந்து மட்டும் காட்டியவை பொத்தாம்பொதுவாகவோ தவறாகவோ இருந்தால், உள்ளே எழுத்து மட்டும்தான் போயிருக்கிறது என்று பெரும்பாலும் சந்தேகிக்கலாம்.

## சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால்

உங்கள் கையில் இருக்கும் செயலி எந்த வகை என்று தெரிந்துகொள்ள, அதனிடமே ‘உனக்குப் படம் தெரியுமா?’ என்று கேட்பது பயனற்றது. தன் அமைப்பைப் பற்றி மாடல் சொல்வது தவறாக இருக்க வாய்ப்பு அதிகம். படத்தைக் கொண்டே சோதியுங்கள்.

எழுத்தே இல்லாத படம் ஒன்றைத் தயார் செய்யுங்கள். வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு முக்கோணம், வலப்பக்கம் இரண்டு வட்டங்கள், ஒரு வட்டத்துக்குள் ஒரு புள்ளி. இவ்வளவு போதும். புகைப்படம் எடுத்து ஏற்றும்போது கோப்பின் பெயரைக் கவனியுங்கள். இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். `triangle.jpg` என்று பெயர் வைத்தால், அந்தப் பெயரே எழுத்தாக உள்ளே போய்ப் பதிலைக் காட்டிக்கொடுத்துவிடலாம். `IMG_0001.jpg` போல எதையும் சொல்லாத பெயர் இருக்கட்டும்.

ஓசிஆர் மட்டும் இருக்கும் செயலி இங்கே வெறுங்கையோடு நிற்கும். விவரணை எழுதும் நிரலை வைத்திருக்கும் செயலி, ‘தாளில் சில வடிவங்கள் வரையப்பட்டுள்ளன’ என்று தப்பித்துவிடும். அப்புறம் குறிப்பான கேள்விக்குப் போங்கள்: புள்ளி எந்த வட்டத்துக்குள் இருக்கிறது, முக்கோணத்துக்கு அருகில் இருப்பதிலா, தள்ளி இருப்பதிலா? விவரணையில் இல்லாத ஒன்றை அதனால் எடுத்துத் தர முடியாது. படத் துண்டுகளை நேரில் வைத்திருக்கும் மாடலால் முடியும். ஒரே கேள்வியில் ஊகம் பலித்துவிடலாம், ஆகவே படத்தை மாற்றி வரைந்து இன்னும் சில முறை கேட்பது நல்லது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு செயலி படம் வரைந்து தருகிறது என்பதால் அதற்குப் படம் பார்க்கவும் தெரியும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வரைவது வேறு வேலை. எழுத்து மட்டும் தெரிந்த மாடல்கூட, ‘இந்த இடத்தில் இந்த ஆரத்தில் வட்டம்’ என்று கட்டளைகள் எழுதி, அதன் வழியாக ஒரு ஓவியத்தை உண்டாக்கிவிடும். வந்த ஓவியம் எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

## பார்க்கும் மாடலும் எங்கே தடுமாறும்

படம் நேராக உள்ளே போனாலும் முழு நுணுக்கத்தோடு போவதில்லை. பெரிய படங்களைப் பெரும்பாலும் சுருக்கித்தான் குறியாக்கிக்குக் கொடுக்கிறார்கள். கைபேசியில் 4,000 பிக்சல் அகலத்தில் எடுத்த ஒரு கடிதத்தின் படம் 1,000 பிக்சலுக்குச் சுருக்கப்படுகிறது என்று கொள்வோம். அதில் 40 பிக்சல் உயரம் இருந்த எழுத்து 10 பிக்சல் ஆகிவிடும். மெய்யெழுத்தின் மேல் இருந்த புள்ளி 6 பிக்சல் அகலம் என்றால், இப்போது அது ஒன்றரை பிக்சல். பக்கத்து வெள்ளையோடு கலந்து மங்கிவிடும், ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும்.

இங்கே நடக்கும் தவறு ஆபத்தானது, ஏனென்றால் வெளியே தெரியாது. மாடல் ‘படிக்க முடியவில்லை’ என்று நிற்காமல், மங்கிய இடத்தை வாக்கியத்துக்குப் பொருந்தும் சொல்லால் நிரப்பிவிடும். சொற்களில் அந்த ஊகம் பெரும்பாலும் பலிக்கும். எண்களில் பலிக்காது. 3க்கும் 8க்கும் வாக்கியத்தின் உதவி கிடையாதே. அதனால் சிறிய எழுத்தில் எண்கள் நிறைந்த பக்கத்தைக் கொடுப்பதாக இருந்தால், முழுப் பக்கத்தை ஒரே படமாகக் கொடுக்காமல், தேவையான பகுதியை மட்டும் வெட்டி ஏற்றுங்கள். சில அமைப்புகள் பெரிய படத்தைத் தாமே பல பகுதிகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்கின்றன. அவற்றிலும் இந்தப் பழக்கம் கெடுதல் செய்யாது.

இன்னொரு தடுமாற்றம் படத்துக்குள் எழுதியிருக்கும் சொற்களால் வருவது. கிளிப் மாடலைப் பற்றி 2021இல் ஓபன்ஏஐ ஆய்வாளர்களே இதைக் காட்டினார்கள். ஓர் ஆப்பிள் பழத்தின் மேல் ‘ஐபாட்’ என்று எழுதிய தாளை ஒட்டிக் காட்டியபோது, மாடல் அதைப் பழம் என்று சொல்லாமல் ஐபாட் என்று சொன்னது. படத்தையும் சொல்லையும் ஒரே எண் உலகில் குடியேற்றியதன் பக்க விளைவு இது. எழுதிய சொல்லின் இழுப்பு, பொருளின் தோற்றத்தை மிஞ்சிவிடுகிறது. படம் பார்க்கும் மாடல்கள் அதன் பிறகு மிகவும் முன்னேறியிருக்கின்றன, ஆனாலும் தவறான தலைப்போடு இருக்கும் வரைபடத்தைக் கொடுக்கும்போது தலைப்பை நம்பிக் கோட்டைத் தவறாக விவரிப்பதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும்.

நெருக்கமாகக் குவிந்திருக்கும் பொருட்களை எண்ணுவதும் இவற்றுக்குச் சிரமமான வேலை. சதுரங்களாக வெட்டியதில் ஒரே பொருள் இரண்டு மூன்று சதுரங்களில் பரவியிருக்கும், ஒரே சதுரத்தில் இரண்டு மூன்று பொருட்களும் இருக்கும். ஏழெட்டுக்கு மேல் போனால் நீங்களும் ஒருமுறை எண்ணிவிடுங்கள்.

## பிடிஎஃப் கோப்பில் இரண்டு வகை

தினசரி வேலையில் இந்த வித்தியாசத்தை அதிகம் சந்திக்கும் இடம் பிடிஎஃப். கணினியில் தட்டச்சு செய்து பிடிஎஃப்பாகச் சேமித்த கோப்பில், பெரும்பாலும் எழுத்துகள் எழுத்துகளாகவே உள்ளே இருக்கும். எழுத்தை மட்டும் படிக்கும் மாடலுக்கு அதுவே போதும். தாளை ஸ்கேன் செய்து உருவாக்கிய கோப்பில் இருப்பதோ பக்கத்தின் படம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டாவது வகையை எழுத்து மாடலிடம் கொடுத்தால் அதற்குக் கிடைப்பது வெற்றுப் பக்கம்.

பிரித்தறியும் வழி எளிது. கோப்பைத் திறந்து ஒரு வரியைச் சுட்டியால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சொல் சொல்லாகத் தேர்வானால் அதில் எழுத்து இருக்கிறது. பக்கம் முழுவதும் ஒரே கட்டமாகத் தேர்வானாலோ, எதுவுமே தேர்வாகாவிட்டாலோ அது படம். தேர்வான வரியை வேறொரு இடத்தில் ஒட்டியும் பாருங்கள். பழைய எழுத்துரு முறைகளில் உருவான தமிழ்க் கோப்புகளில் திரையில் தமிழ் தெரியும், ஒட்டினால் பொருளற்ற குறிகள் வரும். யூனிகோட் எண்களுக்குப் பதிலாக வேறு எண்கள் உள்ளே இருப்பதுதான் காரணம். எழுத்து மாடலுக்குப் போவது அந்தக் குறிகள்தான். அப்படிப்பட்ட கோப்பை, பக்கங்களைப் படமாக மாற்றி, படம் பார்க்கும் மாடலிடமோ தமிழ் தெரிந்த ஓசிஆரிடமோ கொடுப்பதே சரியான வழி.